பெரிய கட்டியை விட்டுவிட்டு சின்னதில் ஏன் ஊசி போட்டோம்?

மன்னார்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார் அந்த அம்மா. வயது 44. நாத்தனார் மகள் கல்யாண ஆல்பத்தில்தான் முதலில் கண்ணில் பட்டதாம்: அட்டிகைக்கு மேலே, கழுத்தின் வலது பக்கம், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. வலி இல்லை. சோறு விழுங்கும்போது மட்டும் எப்போதாவது தொண்டையில் நிற்பது போல இருக்கும். ஸ்கேன் படுக்கையில் படுப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னேன். மடக் என்று விழுங்கியபோது புடைப்பும் மேலே ஏறி இறங்கியது. தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருப்பதால், அதில் வரும் கட்டி விழுங்கும்போது கூடவே நகரும். கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அப்படி நகராது.

கும்பகோணத்தில் ஸ்கேன் பார்ப்பது என் வேலை. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கழுத்து ஸ்கேனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு பெருசு இருக்கு டாக்டர்?” தைராய்டு விஷயத்தில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஏன் என்பதற்கு இந்த அம்மாவின் கழுத்தே நல்ல உதாரணம்.

அவருக்கு இருந்தது ஒன்றல்ல, இரண்டு கட்டிகள். தைராய்டின் வலது பாதியில், அதாவது வலது மடலில், 34 மில்லிமீட்டரில் ஒன்று. ஆல்பத்தில் தெரிந்தது அதுதான். இடது மடலில் 13 மில்லிமீட்டரில் இன்னொன்று. வெளியே தெரியவும் இல்லை, கைக்குத் தட்டுப்படவும் இல்லை. பெரியதை நான் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்தேன். சின்னதைக் கால் மணி நேரம் பார்த்தேன். ‘பெருசை விட்டுட்டு எதையோ பாக்குறாரே’ என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஸ்கேன் திரையில் நல்ல தைராய்டு ஒரே சீரான வெளிர்சாம்பல் நிறத்தில் தெரியும். அதற்கு முன்னால் இருக்கும் கழுத்துத் தசை அதைவிடக் கறுப்பு. கட்டி எந்த நிறம், உள்ளே என்ன இருக்கிறது, ஓரம் எப்படி, எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறது, வெள்ளைப் புள்ளிகள் உண்டா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுகிறோம். இதற்கு டைராட்ஸ் என்று பெயர். பல வடிவங்கள் உண்டு. நான் பயன்படுத்துவது அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட முறை. மதிப்பெண் கூடக் கூடச் சந்தேகம் கூடும். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு.

வலது கட்டியின் உள்ளே பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. கட்டியின் பாதிக்கு மேல் இப்படிச் சின்னச் சின்ன நீர்ப்பைகளாக நிறைந்திருந்தால் அதைப் பஞ்சுக் கட்டி என்று வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் பூஜ்யம். மற்ற நான்கு கேள்விகளைக் கேட்கவே வேண்டியதில்லை. இத்தகைய கட்டியில் புற்றுநோய் இருப்பது நூற்றில் இரண்டுக்கும் கீழே. எனவே 34 மில்லிமீட்டர் என்றாலும் ஊசி போட்டு செல் எடுக்கத் தேவையில்லை. விழுங்க முடியாமல் தொந்தரவு கொடுத்தால் அதற்காக எடுக்கலாம், அது வேறு கணக்கு.

இடது கட்டி வேறு ரகம். உள்ளே நீர் இல்லை, முழுக்கக் கெட்டி: 2. சுற்றியிருக்கும் தைராய்டைவிடக் கறுப்பு, ஆனால் கழுத்துத் தசை அளவுக்கு இல்லை: இன்னொரு 2. ஓரம் வழவழப்பாக இல்லாமல் பல்பல்லாக நீட்டிக்கொண்டிருந்தது: 2.

அடுத்தது வடிவம். சாதாரணக் கட்டி சுரப்பியின் திசுப்போக்கிலேயே வளரும். அதனால் கழுத்தைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் படத்தில் பூசணிக்காய் படுத்திருப்பது போல அகலம் அதிகமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும். திசுப்போக்கை மீறி, முன்னிருந்து பின்னாக வளரும் கட்டி நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும். இவருடையது அகலம் 10, உயரம் 13. நிற்கிற கட்டி. அதற்கு 3. இந்த அளவைக் குறுக்குப் படத்தில்தான் எடுக்க வேண்டும். நெடுக்குப் படத்தில் எடுத்து எழுதிவிட்டால் படுத்திருக்கும் கட்டி நின்றுவிடும், நிற்பது படுத்துவிடும். சில ரிப்போர்ட்டுகளில் அந்தக் குழப்பம் நடந்திருப்பதைப் படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

கடைசியாக வெள்ளைப் புள்ளிகள். ரவையைத் தூவினது போல மிக நுண்ணிய புள்ளிகள் ஏழெட்டு இருந்தன. தைராய்டு புற்றுநோயில் மிகச் சாதாரணமான வகையான பாப்பில்லரி புற்றுநோயில், செல்கள் மடிந்த இடங்களில் சுண்ணாம்புச்சத்து அடுக்கடுக்காகப் படிந்து உருண்டைகளாகும். திரையில் ரவையாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். அதற்கும் 3. இங்கே ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. நீர்க்கட்டிக்குள் இருக்கும் கொலாய்டு என்ற பசை உறைந்தாலும் வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வால்நட்சத்திரம் மாதிரி ஒரு வெளிச்ச வால் நீளும். வால் நீண்டால் அது சாது. வால் இல்லாத ரவைதான் நமக்குக் கவலை. மெஷினை அழுத்தமாகப் பிடிக்காமல், கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். கால் மணி நேரம் போனது இதற்குத்தான்.

கூட்டினால் 12. ஏழு வந்தாலே கடைசிப் படியான டிஆர்5. அதில் ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் ஊசி போட்டு செல் எடுக்க வேண்டும். டிஆர்5 என்றால் புற்றுநோய் உறுதி என்று அர்த்தமில்லை. ஐந்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு உண்டு என்றுதான் அர்த்தம். மொத்தமாக எடுத்துக்கொண்டால் தைராய்டு கட்டிகள் நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் புற்றுநோயாக இருக்கும்.

ரத்தத்தில், தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 2.4, நார்மல். “தைராய்டு நார்மல்னு ரிப்போர்ட்ல வந்திருக்கே, அப்புறம் எதுக்கு ஊசி?” என்று அவர் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். டி.எஸ்.ஹெச். சுரப்பி வேலை செய்கிறதா என்று சொல்லும். அதில் வளர்ந்திருப்பது என்னவென்று சொல்லாது. பெரும்பாலான தைராய்டு புற்றுநோயாளிகளுக்கு அது நார்மலாகத்தான் இருக்கும். டி.எஸ்.ஹெச். ரொம்பக் குறைந்திருந்தால் மட்டும் வழி மாறும். கட்டியே ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறதா என்று முதலில் வேறொரு ஸ்கேனில் பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கும் கட்டி புற்றுநோயாக இருப்பது அபூர்வம்.

ஊசி பற்றிய பயம் தேவையில்லாதது. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. ஸ்கேனில் முனையைப் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் இறக்கி, நாலைந்து முறை முன்னும் பின்னும் அசைத்து, வந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்ப்போம். ஊசி பட்டால் கேன்சர் பரவிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இந்த மெல்லிய ஊசியில் அது நடப்பது மிக மிக அபூர்வம். உண்மையில் நடக்கும் தவறு வேறு: இரண்டு கட்டி இருக்கிற கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் பெரியதில் ஊசி போட்டு, ‘கேன்சர் இல்லை’ என்று ரிப்போர்ட் வாங்கி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவது. ‘மல்டிநோடுலர் காய்ட்டர்’, அதாவது பல கட்டிகள் உள்ள கழலை, என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளால் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு கட்டிக்கும் தனித்தனியாக அளவும் வர்ணனையும் இல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரும் ஊசி போட உட்காரக் கூடாது என்பது என் பிடிவாதம்.

ஊசிப் பரிசோதனையின் முடிவை ஆறு படிகளாகச் சொல்வார்கள். பெதஸ்டா முறை என்று பெயர். முதல் படி, செல் போதவில்லை. அதை ‘கேன்சர் இல்லை’ என்று படித்துவிடக் கூடாது, மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு, சாது. ஆறு, புற்றுநோய் கிட்டத்தட்ட உறுதி. நடுவில் இருக்கும் மூன்றும் நான்கும்தான் இழுபறி. ஃபாலிக்குலர் என்ற வகைப் புற்றுநோயின் செல்லும் அதே வகைச் சாதுக் கட்டியின் செல்லும் தகட்டில் ஒரே மாதிரி இருக்கும். கட்டியைச் சுற்றியிருக்கும் உறையைக் கிழித்துக்கொண்டு செல் வெளியே வந்திருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். அதைப் பார்க்க முழுக் கட்டியும் வேண்டும். ஸ்கேனும் இந்த வகையில் சறுக்கும்: ரவை இல்லை, நிற்கவில்லை, ஓரம் வழவழ, ஆனாலும் புற்றுநோயாக இருக்கும்.

அந்த அம்மாவுக்கு வந்தது ஆறாம் படி. பாப்பில்லரி புற்றுநோய்.

இந்த இடத்தில் வழக்கமாக அறைக்குள் ஒரு மௌனம் வரும். அதை உடைக்க நான் சொல்வது: தைராய்டு புற்றுநோய்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இந்த வகைதான், இதில் சாகிறவர்கள் மிகக் குறைவு. அமெரிக்கக் கணக்குப்படி தைராய்டு புற்றுநோய் வந்த எல்லாரையும் சேர்த்தாலே ஐந்து ஆண்டு கழித்து நூற்றில் 98 பேர் உயிரோடு இருக்கிறார்கள், வேறு காரணத்தால் இறந்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல். ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அதனால் காரணத்தையும் சொல்லிவிடுவது நல்லது. இரண்டு காரணங்கள்: ஒன்று செல்லில் இருக்கிறது, இன்னொன்று எண்ணிக்கையில்.

முதலில் செல். புற்றுநோய் செல் கெட்டுப்போகக் கெட்டுப்போகத் தன் பழைய தொழிலை மறந்துவிடும். பாப்பில்லரி செல் பெரும்பாலும் மறப்பதில்லை. தைராய்டு செல்லின் தொழில் ரத்தத்திலிருந்து அயோடினை உறிஞ்சுவது, தைரோகுளோபுலின் என்ற புரதத்தைச் செய்வது, டி.எஸ்.ஹெச்.சின் சொல் கேட்டு வளர்வது. இந்த மூன்றையும் இது ஓரளவுக்குச் செய்துகொண்டே இருக்கும். அதுவே நமக்குப் பிடி. நுரையீரலுக்கே போய் ஒளிந்தாலும், கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்தால் பல சமயம் அதையும் உறிஞ்சித் தானே அழியும். தைராய்டை முழுக்க எடுத்த பிறகு ரத்தத்தில் தைரோகுளோபுலின் ஏறினால், எங்கோ செல் மிச்சம் இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். மாத்திரையால் டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தால் வளர்ச்சியும் மந்தமாகும். வளர்வதே மெதுவாக, பல ஆண்டுகளில்.

இதனால்தான் நோயின் நிலையைக் கணக்கிடும்போது இதற்கு ஒரு விசித்திர விதி உண்டு. புற்றுநோயின் நிலையைப் பிரிக்க உலகம் முழுக்கப் பயன்படும் விதிகளின் எட்டாம் பதிப்பின்படி, பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளில் 55 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்பதே கிடையாது. கழுத்து நெறிகட்டிகளுக்குப் பரவியிருந்தாலும் முதல் நிலைதான். நுரையீரலுக்குப் போயிருந்தாலும் இரண்டாம் நிலைதான். வயதை வைத்து இப்படி நிலை பிரிப்பதை வேறு புற்றுநோயில் பார்ப்பது அரிது.

இரண்டாவது காரணத்தை டாக்டர்கள் அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள், எங்கள் தொழிலையே கொஞ்சம் குத்தும் என்பதால். தேடினால் கிடைக்கிற நோய் இது. 1985இல் பின்லாந்தில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக அரிந்து பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் பாப்பில்லரி புற்றுநோய் இருந்தது. பெரும்பாலும் கடுகளவு. அவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தெரியவே இல்லை.

தென்கொரியாவில் 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் வந்தவர்களிடம் கொஞ்சம் கூடுதல் காசு வாங்கிக் கழுத்தையும் ஸ்கேன் பார்த்தார்கள். 2011இல் அங்கே தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு விகிதம்? அப்படியே இருந்தது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. யாரையும் கொல்லப்போகாத கட்டிகளைத் தேடிப்பிடித்து, கழுத்தை அறுத்து, வாழ்நாள் மாத்திரையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். 2014இல் அங்குள்ள டாக்டர்களில் சிலரே இதை வெளிப்படையாகக் கண்டித்த பிறகு ஆபரேஷன்கள் வேகமாகக் குறைந்தன. ஆக, நூற்றுக்கு 98 என்ற எண்ணுக்குள் எப்படியும் சாகாமல் இருந்திருக்கக்கூடியவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். எண் பொய்யில்லை. ஆனால் அது முழுக்க மருத்துவத்தின் சாமர்த்தியமும் இல்லை.

ஜப்பானில் கோபே நகரத்து குமா மருத்துவமனை 1993லேயே வேறு வழியில் போனது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பில்லரி புற்றுநோயை அறுக்காமல், ஆண்டுதோறும் ஸ்கேன் பார்த்துக் காத்திருந்தார்கள். 1235 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், பத்து ஆண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டராவது வளர்ந்தது நூற்றில் எட்டுப் பேருக்கு. நெறிகட்டிக்குப் பரவியது நூற்றில் நாலுக்கும் கீழே. தேவைப்பட்டவர்களுக்கு அப்போது ஆபரேஷன் செய்தார்கள். தைராய்டு புற்றுநோயால் ஒருவரும் சாகவில்லை. டிஆர்5 ஆக இருந்தாலும் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் பொதுவாக உடனே ஊசி வேண்டாம், கண்காணித்தால் போதும் என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரி அனுபவம்தான். அந்த அம்மாவின் கட்டி 7 மில்லிமீட்டராக இருந்திருந்தால் நான் அனேகமாக ஊசியையே எடுத்திருக்க மாட்டேன்.

எல்லாத் தைராய்டு புற்றுநோயும் சாதுதான் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அனாபிளாஸ்டிக் என்ற வகை நூற்றில் ஒன்றிரண்டு வரும், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்களுக்கு. பல வருஷமாக இருந்த கழலை சில வாரங்களில் மளமளவென்று பெருத்து, குரல் கம்மி, மூச்சுத் திணறும். பலருக்கு மாதக்கணக்கில்தான் காலம். மெடுல்லரி என்ற இன்னொரு வகை அயோடினையே உறிஞ்சாது. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். அதற்கு கால்சிட்டோனின் என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆகவே குரல் மாறினாலோ, கட்டி வாரக்கணக்கில் வளர்ந்தாலோ ‘தைராய்டு கேன்சர் ஒண்ணும் பண்ணாது’ என்ற ஆறுதலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ஓட வேண்டும்.

சரி, அந்த அம்மாவுக்கு வருவோம். கழுத்தின் இரண்டு பக்கமும் நெறிகட்டிகளைத் தேடினேன். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. 13 மில்லிமீட்டர், சுரப்பியைவிட்டு வெளியே வரவில்லை. இந்த அளவுக்கு இடது மடலை மட்டும் எடுத்தாலே போதும். மிச்சமிருக்கும் பாதி சுரப்பி பலருக்கு மாத்திரையே இல்லாமல் வேலை செய்யும். ஆனால் அவருக்கு வலது பக்கம் 34 மில்லிமீட்டர் கட்டி, சாதம் வேறு நிற்கிறது. பாதியை வைத்துக்கொள்வதில் லாபம் இல்லை என்று சர்ஜன் சொன்னார், அந்த அம்மாவும் ஒப்புக்கொண்டார். முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டது. எடுத்ததைப் பரிசோதித்ததில் வலது கட்டி சாதுதான்.

இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல இருந்திருக்கிறது. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அரிசி அளவுச் சுரப்பிகள் நான்கு உண்டு; பாராதைராய்டு என்பார்கள். ரத்தத்தில் கால்சியத்தைப் பார்த்துக்கொள்வது அவைதான். ஆபரேஷனில் அவை அதிர்ந்துபோனால் கால்சியம் இறங்கும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்; இவருக்கும் கால்சியம் மாத்திரையில் சரியானது. குரல் நரம்பு தப்பியது. கதிரியக்க அயோடின் தேவைப்படவில்லை. இந்த அளவுக் கட்டிக்கு அது கூடுதல் பலன் தருவதில்லை.

அவருக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது காபி. எடுத்த சுரப்பிக்குப் பதிலாகப் போடும் தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதையும் குடிக்கலாம். காபி மாத்திரையை உடம்பு சரியாக உறிஞ்ச விடாது. ஆனால் எங்கள் பக்கத்தில் விடிகாலை டிகிரி காபி இல்லாமல் ஒருத்தர் எழுந்து உட்காருவதே சிரமம். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் டி.எஸ்.ஹெச். 9 என்று ஏறியிருந்தது. மாத்திரை போட்ட கையோடு டம்ளரை எடுத்திருக்கிறார். போதாக்குறைக்குக் கால்சியம் மாத்திரையும் கூடவே. அது நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டியது. மருந்தின் அளவைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் மாற்றியதில் அடுத்த முறை 1.6க்கு வந்துவிட்டது.

ஒரு வருஷம் கழித்து ஸ்கேனுக்கு வந்தபோது நாத்தனாரும் கூட வந்திருந்தார். “எனக்கும் ஒரு தடவ பாத்துடுங்க டாக்டர்.” வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பார்த்தேன். இடது மடலில் 6 மில்லிமீட்டர் கட்டி. கெட்டி, கொஞ்சம் கறுப்பு, ஓரம் வழவழ, படுத்திருக்கிறது, ரவை இல்லை. நாலு மதிப்பெண், டிஆர்4. இந்த அளவுக்கு ஊசியும் வேண்டாம், மறு ஸ்கேனும் வேண்டாம் என்று எழுதினேன்.

“ஊசி போட்டாத்தானே டாக்டர் நிச்சயமாத் தெரியும்?”

பத்து நிமிஷம் விளக்கினேன், கொரியா உட்பட. தலையை ஆட்டினார். ரிப்போர்ட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அடுத்த தை மாசம் வந்து பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.